மூன்று நகைக்கும் ஒரே ரேட்டா?

கேள்வி: தெரிந்த குடும்பம் ஒன்று அவசரத் தேவைக்காக மூன்று நகைகளை விற்கிறது. 24 கிராமில் ஒரு செயின், 6 கிராமில் கல் வைத்த மோதிரம், 16 கிராமில் ஒரு வளையல். மூன்றுமே 2009-இல் மகள் கல்யாணத்துக்கு எடுத்தது என்கிறார்கள். பில் தொலைந்துவிட்டதாம். மூன்றுக்கும் அன்றைய 22 கேரட் போர்டு ரேட்டையே கேட்கிறார்கள். சேதாரம், செய்கூலி, ஜி.எஸ்.டி. எதுவும் இல்லாததால் எனக்கு லாபம்தான் என்கிறார்கள். முத்திரைகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்த விலைக்கு வாங்கலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்:

செயினை வாங்கலாம், விலையைக் கொஞ்சம் பேசிக் குறைத்து. மோதிரத்தை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்காதீர்கள். வளையலைச் சோதனை செய்யாமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். மூன்று படங்களும் மூன்று வெவ்வேறு கதை சொல்கின்றன. அதில் ஒன்று, விற்கிறவர்கள் சொல்லும் கதையோடு ஒத்துப்போகவே இல்லை.

முதலில் செயின். கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தகட்டில் ஐந்து குறிகள் வரிசையாகத் தெரிகின்றன. முதலில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் முக்கோணம், அடுத்து 916, அதன் பிறகு சோதனை மையத்தின் சின்னம், பிறகு J என்ற ஒற்றை எழுத்து, கடைசியில் நகைக்கடையின் இரண்டு எழுத்துகள். இது பழைய ஹால்மார்க் முறை. இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் திட்டம் 2000-இல் தொடங்கியபோது, எந்த ஆண்டில் முத்திரை போட்டார்கள் என்பதை ஓர் ஆங்கில எழுத்தால் குறித்தார்கள். A என்றால் 2000, B என்றால் 2001. இப்படியே H வரை வந்து, ஒன்று என்ற எண்ணோடு குழம்பக்கூடிய I எழுத்தைத் தாண்டி, 2008-க்கு J வந்தது. ஆக, உங்கள் செயின் 2008-இல் சோதனை மையத்துக்குப் போய்வந்திருக்கிறது. கடையில் சில மாதம் ஸ்டாக்கில் இருந்து 2009-இல் விற்றிருப்பார்கள். கல்யாணக் கதை பொருந்துகிறது.

916 என்பது ஆயிரம் பங்கில் 916 பங்கு சுத்தத் தங்கம். நாம் 22 கேரட் என்று சொல்வது அதைத்தான். பக்கத்தில் முக்கோணமும் மையத்தின் சின்னமும் இருப்பதால், அந்த 916 கடைக்காரர் தானாகப் போட்டுக்கொண்ட எண் அல்ல, வெளியே ஒரு மையத்தில் சோதித்த பிறகு போட்டது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளையலுக்கு வரும்போது இதுதான் முழு விஷயமும்.

“ஆறு எழுத்து நம்பர் இல்லாத ஹால்மார்க் இப்போது செல்லாது” என்று யாராவது சொல்லக்கூடும். பழைய நகையை மாற்றப் போகிறவர்களிடம் சில கடைகளில் இப்படிச் சொல்லி ரேட்டைக் குறைக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், அந்த ஆறு எழுத்து நம்பரான எச்.யு.ஐ.டி. இல்லாத தங்க நகையை விற்கக் கூடாது என்பது கடைக்காரருக்கான விதி. வீட்டில் இருக்கும் பழைய ஹால்மார்க் நகைக்கு மதிப்பு போய்விடவில்லை. அதை விற்கலாம், மாற்றலாம், அடகு வைக்கலாம். வங்கிகளுக்கு நகை மதிப்பிட்டுக் கொடுக்கும் என் வேலையில் இந்த ஐந்து குறி நகைகள்தான் இன்னும் அதிகமாகக் கையில் வருகின்றன. அதற்காக யாரும் கடனைக் குறைப்பதில்லை.

செயினில் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. முத்திரை இருப்பது கொக்கிப் பக்கத்துத் தகட்டில் மட்டும். பதினைந்து வருடம் போட்ட செயின் எங்காவது அறுந்திருக்கும், பத்த வைத்திருப்பார்கள், இரண்டு வளையம் புதிதாகச் சேர்த்திருப்பார்கள். சில சமயம் நல்ல கொக்கியை மட்டும் எடுத்து வேறு செயினில் மாட்டியும் விடுவார்கள். நேரில் பார்க்கும்போது, தகட்டுக்குப் பக்கத்து வளையத்தையும் செயினின் நடுவில் ஒரு வளையத்தையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். பத்த வைத்த இடம் வெளிறிப்போயோ திட்டாகவோ தெரிந்தால் அங்கே ஒட்டப் பயன்படுத்தும் பொடி அதிகம் போயிருக்கிறது என்று பொருள். ஓரிரு இடம் என்றால் விலையில் பெரிய மாற்றம் வராது. நிறம் முழுக்க வேறாக இருந்தால் செயினையும் வளையலோடு சேர்த்துச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது விலை. போர்டு ரேட் தினமும் மாறுகிறது. கணக்கு எளிதாக இருக்க, 22 கேரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் அன்று நிஜ ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். 24 கிராமுக்கு அவர்கள் கேட்பது 2,40,000 ரூபாய். இதே எடையில் புதுச் செயின் கடையில் எடுத்தால், சேதாரம் 10 சதவீதம் என்று கொண்டால் 26.4 கிராமுக்குப் பணம் கட்ட வேண்டும். அது 2,64,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 7,920 ரூபாய். மொத்தம் 2,71,920. ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் வரியும்தான், அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஆக, உங்களுக்கு மிச்சம் சுமார் 32,000. அவர்கள் சொல்வது இந்த அளவில் உண்மைதான்.

ஆனால் அவர்கள் பக்கத்தையும் பாருங்கள். இதே செயினை அவர்கள் கடையில் பணத்துக்கு விற்றால் முழு போர்டு ரேட் கிடைக்காது. கழிவு கடைக்குக் கடை மாறும். 3 சதவீதம் என்று வைத்தால் கையில் வருவது 2,32,800. எனவே 2,32,800-க்கும் 2,40,000-க்கும் நடுவில் எங்கே முடித்தாலும் இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. நான் என்றால் 2,36,000 பக்கம் கேட்பேன். செயினைப் போட்டுக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இது நல்ல பேரம். நாளைக்கே மாற்றி வேறு டிசைன் எடுக்கப் போகிறீர்கள் என்றால் லாபம் ஒன்றுமில்லை. புது நகையின் சேதாரத்தை அப்போது நீங்கள்தான் கொடுக்கப் போகிறீர்கள்.

அடுத்து மோதிரம். படத்தில் வளையத்தின் உட்பக்கம் முக்கோணம், 18K750, அதன் பக்கத்தில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. கோடுகள் மெல்லியதாக, சாம்பல் நிறத்தில், ஒரே ஆழத்தில் இருக்கின்றன. லேசரில் எழுதினால் இப்படித்தான் தெரியும்.

இது 2009-இல் வாங்கிய மோதிரமாக இருக்க முடியாது. ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. வந்ததே 2021 ஜூலையில். அதற்கும் முன்னால், 18K750 என்று கேரட்டையும் சேர்த்து எழுதும் வழக்கமே 2017-இல்தான் தொடங்கியது. 2009-இல் முத்திரை போட்டிருந்தால் வெறும் 750 இருக்கும், கூடவே ஆண்டு எழுத்தும் கடையின் குறியும் இருக்கும். இதை வைத்து அவர்களைச் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. பழைய மோதிரத்தைக் கொடுத்து இடையில் இதை மாற்றியிருக்கலாம், மூன்றையும் ஒரே டப்பாவில் வைத்திருந்ததால் ஒரே கல்யாணத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் கேட்டுவிடுங்கள். 2021-க்குப் பிறகு வாங்கியது என்றால் பில் தேடினால் கிடைக்கும். கடையின் கம்ப்யூட்டரிலும் இருக்கும்.

குறியீட்டை நீங்களே சரிபார்க்கலாம். செல்போனில் BIS Care என்ற செயலியை இறக்கி, அதில் Verify HUID என்ற இடத்தில் ஆறு எழுத்தையும் போடுங்கள். முத்திரைக்கு அனுப்பிய கடையின் பெயர், சோதித்த மையம், தேதி, நகையின் வகை, சுத்தம் எல்லாம் வரும். தகவல் வந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறொரு நகையின் உண்மையான குறியீட்டைப் பார்த்து அப்படியே போலி நகையில் லேசரில் எழுதுகிறவர்களும் உண்டு. அப்போதும் செயலி தகவல் காட்டத்தான் செய்யும். எனவே நகையின் வகை மோதிரம் என்று வருகிறதா, சுத்தம் 18 கேரட் என்று வருகிறதா, தேதி அவர்கள் இப்போது சொல்லும் வருடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கம்மல் என்றோ 22 கேரட் என்றோ வந்தால் அந்தக் குறியீடு இந்த மோதிரத்துடையது அல்ல.

உங்கள் படத்தில் ஐந்தாவது எழுத்து B-யா 8-ஆ என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எச்.யு.ஐ.டி.-யைப் படத்தில் படிக்கும்போது வரும் வழக்கமான சிக்கல் இது. 0-வும் O-வும், 5-உம் S-உம் இப்படியே குழப்பும். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். இன்னொரு படம் எடுக்க வேண்டுமென்றால் ஃப்ளாஷைப் போடாதீர்கள், பளபளப்பில் கோடு மறைந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்படி மோதிரத்தை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் எழுத்து மட்டும் கறுத்துத் தெரியும். அப்போது கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்து, பிறகு படத்தைப் பெரிதாக்குங்கள். மிக நெருக்கத்தில் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் விழாது.

குறியீடு சரியாகவே இருந்தாலும் விலை சரியில்லை. 750 என்றால் ஆயிரத்துக்கு 750 பங்குதான் தங்கம். அதற்கு 22 கேரட் ரேட் கேட்பது நியாயமே இல்லை. போர்டு ரேட்டை 916-ஆல் வகுத்து 750-ஆல் பெருக்குங்கள். 10,000 ரூபாய்க்கு அது கிராமுக்குச் சுமார் 8,188 வரும். அடுத்தது எடை. 6 கிராம் என்பது கல்லோடு சேர்த்தா, கல் நீக்கியா? அடகுக் கடையில் கூடக் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். கல் 0.4 கிராம் என்று வைத்துக்கொண்டால் தங்கம் 5.6 கிராம், அதன் மதிப்பு சுமார் 45,850. அவர்கள் கேட்பது 60,000. ஒரு சின்ன மோதிரத்தில் 14,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மூன்று நகைகளில் எடை குறைந்தது இது, ஆனால் நீங்கள் ஏமாறக்கூடிய தொகை இதில்தான் அதிகம்.

“கல்லுக்கு விலை இல்லையா” என்று கேட்பார்கள். வைரத்தை 18 கேரட்டில் பதிப்பது வழக்கம்தான். 22 கேரட் மிருதுவாக இருப்பதால் கல்லைப் பிடித்திருக்கும் பல் சீக்கிரம் வளைந்துவிடும். எனவே 18K750 என்ற முத்திரையைப் பார்த்ததும் அது வைரமாக இருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. ஆனால் ஏ.டி. கல்லையும் இதே போலப் பதிக்கிறார்கள், படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஹால்மார்க் தங்கத்தைப் பற்றி மட்டுமே பேசும், கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. வைரம் என்றால் தனிச் சான்றிதழ் இருக்கும். அதைக் காட்டினால் கல்லுக்குத் தனி விலை பேசலாம். இல்லாவிட்டால் தங்கத்துக்கு மட்டும் விலை.

கடைசியாக வளையல். உள்பக்கம் 916 KDM என்று அழுத்தமாக அடித்திருக்கிறது. எழுத்தின் ஓரங்கள் மேடிட்டு இருப்பதைப் பார்த்தால் அச்சு வைத்துச் சுத்தியால் தட்டியது. முக்கோணம் இல்லை, மையத்தின் சின்னம் இல்லை, ஆண்டு எழுத்து இல்லை. இது ஹால்மார்க் அல்ல. செய்தவரோ விற்றவரோ தன் வாயால் சொன்னதை வளையலில் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கே.டி.எம். பற்றி நம் வீடுகளில் இன்னும் ஒரு மரியாதை இருக்கிறது. காரணம் உண்டு. முன்பு தங்கத்தை ஒட்டப் பயன்படுத்திய பொடியில் செம்பும் வெள்ளியும் நிறையக் கலந்திருந்தன. நகை முழுவதையும் உருக்கினால், ஒட்டிய இடங்களால் சுத்தம் கணிசமாக இறங்கிவிடும். காட்மியம் கலந்த பொடியில் தங்கத்தின் அளவைக் குறைக்காமலே சீக்கிரம் உருகும்படி செய்ய முடிந்தது. அதனால் ஒட்டிய இடமும் நகையின் சுத்தத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தது. கடைக்காரர்கள் அதைப் பெருமையாக முத்திரையாக்கினார்கள். ஆனால் பத்த வைக்கும்போது காட்மியம் ஆவியாகி ஆசாரியின் நுரையீரலுக்குப் போகும். அதனால் அதைக் கைவிட்டுவிட்டு, துத்தநாகம் போன்றவை கலந்த பொடிக்கு மாறிவிட்டார்கள். கே.டி.எம். என்ற எழுத்து எதில் ஒட்டினார்கள் என்பதைச் சொல்லும். தங்கம் எவ்வளவு என்று அது சொல்லவே இல்லை. கே.டி.எம். அடித்த நகைகளில் சரியாக 916 இருந்ததும் உண்டு, 850 பக்கம் இறங்கியதும் உண்டு.

உங்கள் வளையல் 916 என்றால் 16 கிராமுக்கு 1,60,000. 850 என்று வந்தால் அதன் மதிப்பு சுமார் 1,48,500. இந்த 11,500 ரூபாய் சந்தேகத்தைத் தீர்க்க 200 ரூபாய் போதும். பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களின் நகையையும் சோதித்துக் கொடுப்பார்கள். நான்கு நகை வரைக்கும் சேர்த்தே 200 ரூபாய், அதற்கு மேல் போனால் நகைக்கு 45 ரூபாய், வரி தனி. நான்கு வரை ஒரே கட்டணம் என்பதால் வளையலோடு செயினையும் மோதிரத்தையும் எடுத்துப் போங்கள். விற்கிறவர்களில் ஒருவரையும் கூட்டிப் போவது நல்லது. நகை இன்னும் அவர்களுடையதுதானே.

மையத்தில் முதலில் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரத்தில் வைப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் சதவீதம் வந்துவிடும், நகைக்குக் கீறல்கூட விழாது. ஆனால் அந்தக் கதிர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். மேலே கனமாக முலாம் பூசியிருந்தாலோ, வளையலுக்கு உள்ளே செம்புக் கம்பி ஓடினாலோ அது நல்ல எண்ணையே காட்டும். எனவே வளையலின் வெளிப்பக்கம், உள்பக்கம், ஒட்டிய இடம் என மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டிய இடத்தில் சற்றுக் குறைவது இயல்பு. மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். எண்கள் ஏறி இறங்கினால் துண்டு வெட்டி உருக்கிப் பார்க்கும் சோதனைதான் வழி. வெட்டியெடுத்த தங்கத்தை ஈயத்தோடு சேர்த்து உலையில் வைத்தால் செம்பு போன்றவற்றை ஈயம் இழுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு, நிற்கும் தங்கத்தை நிறுப்பார்கள். தகராறு வந்தால் கடைசியில் நிற்பது இந்தக் கணக்குதான். ஆனால் அதற்கு நகையில் கொஞ்சம் வெட்டியாக வேண்டும். உரிமையாளர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வளையலை விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டால் அறிக்கையில் வரும் எண்ணை வைத்து, மோதிரத்துக்குச் சொன்ன அதே வகுத்தல் பெருக்கலைப் போட்டு விலை பேசுங்கள்.

இன்னொரு விஷயம். ஹால்மார்க் நகையில் சுத்தம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்ள விதி இருக்கிறது. அது கடையில் பில்லோடு வாங்கியவருக்குத்தான். தெரிந்த குடும்பத்திடம் கைமாற்றாக வாங்கும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பில் இல்லாத நகைக்கு நான் போர்டு ரேட்டுக்குக் கீழேதான் பேசச் சொல்வேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. செயின் ஒன்றுக்கே அந்தத் தொகை தாண்டிவிடும். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று நகைகளின் எடை, முத்திரையில் உள்ளது உள்ளபடி, கொடுத்த தொகை, தேதி ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களுடைய அடையாள அட்டை நகலையும் வாங்கி அதோடு வையுங்கள். பிற்பாடு நீங்கள் இதை அடகு வைக்கவோ மாற்றவோ போகும்போது, இந்த நகை எப்படி வந்தது என்று கேட்டால் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.